பாட்டுப் புத்தகத்துக்குப் பசையா, தையலா?

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு புத்தகத்தை வெச்சுப் பேசப்போறேன். எங்க பக்கத்துல இருக்கிற ஒரு பஜனைக் குழு தங்களோட பாட்டுப் புத்தகத்தை மறுபடியும் அச்சடிக்கறாங்க. 384 பக்கம், டெமி ஒண்ணுக்கு எட்டு சைஸ், 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ பேப்பர், 1000 பிரதி. கெட்டி அட்டை வேண்டாம், பையில போட்டா கனக்கக் கூடாது, அதனால பேப்பர்பேக். "பசையால ஒட்டற பர்ஃபெக்ட் பைண்டிங் போதுமா, இல்ல தைக்கணுமா?"ன்னு கேட்டாங்க.

இந்தப் புத்தகம் என்ன பாடுபடும்னு முதல்ல பாத்துடுவோம். தரையில விரிச்சு வெப்பாங்க. ரெண்டு கையும் தாளத்துல இருக்கும், அதனால பக்கம் தானா விரிஞ்சு கிடக்கணும். கிடக்கலேன்னா முழங்கையால ஒரு அழுத்து அழுத்துவாங்க, இல்லேன்னா அட்டையைப் பின்பக்கமா மடக்கிப் பிடிப்பாங்க. இதெல்லாம் வாராவாரம் நடக்கும், அதுவும் எப்பவும் பாடற அதே பத்துப் பாட்டுல.

இதோ அவங்களோட பழைய பதிப்பு. கேமராவைக் கொஞ்சம் கிட்ட கொண்டு வரேன். பாருங்க, நடுவுல ரெண்டாப் பிளந்திருக்கு. பிளந்த இடத்துக்கு ரெண்டு பக்கமும் தாள் ஒவ்வொண்ணா கழண்டுடுச்சு. இப்ப கழண்ட ஒரு தாளோட உள் ஓரத்தைப் பாருங்க. இந்த ஓரத்தைப் பாத்தாலே என்ன நடந்ததுன்னு சொல்லிடலாம். ஓரம் வழுவழுன்னு சுத்தமா இருந்தா, பசை பேப்பரைப் பிடிக்கவே இல்லைன்னு அர்த்தம். ஓரத்துல பஞ்சு பஞ்சா பேப்பர் நார் பிஞ்சிருந்து, மீதி நார் பசையில ஒட்டியிருந்தா, பசை ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு, பேப்பர்தான் தாங்கலை. மூணாவது, பசைப் பட்டையே மேலேர்ந்து கீழே வரைக்கும் நேர்கோடா உடைஞ்சிருக்கறது. இந்தப் பிரதியில நடந்தது அதுதான். இதோ, ஸ்கேல் முனையால தட்டறேன், சில்லு சில்லா வருது. முதல்ல பசை இறுகி உடைஞ்சிருக்கு, அப்புறம் பக்கத்துத் தாளுக்குப் பிடிமானம் போயிருக்கு.

ஏன் இப்படி? பர்ஃபெக்ட் பைண்டிங்ல என்ன பண்றாங்கன்னு தெரிஞ்சா புரியும். அச்சான ஷீட்டை மடிச்சா 16 பக்க ஃபாரம் வரும். அந்த ஃபாரங்களை வரிசையா அடுக்கி, கிளாம்ப்ல பிடிச்சு, முதுகுப் பக்கம் ரெண்டு மூணு மில்லிமீட்டரை கட்டர் சீவி எடுத்துடும். மடிப்பு மொத்தமும் போயிடும். அதுக்கப்புறம் அது ஃபாரம் இல்ல, 192 தனித்தனித் தாள். சீவின முதுகைச் சொரசொரப்பாக்கி, சுமார் 170 டிகிரியில உருக்கின ஹாட் மெல்ட் பசையைத் தடவி, அட்டையை வெச்சு அழுத்துவாங்க. சில நொடியில இறுகிடும். அந்த வேகம்தான் இதோட பலம், விலை குறையறதும் அதனாலதான். ஆனா ஒவ்வொரு தாளும் தன்னோட ஓரத்துல இருக்கற ஒரு முடி அகலப் பசையை மட்டுமே நம்பி நிக்குது. வழக்கமான ஹாட் மெல்ட், அதாவது ஈ.வி.ஏ., வெயில்ல நிக்கற கார்ல இளகும், குளிர்ல விறைக்கும், வருஷமாக ஆக இறுகும். விரிச்சு அழுத்தறபோது அந்தப் பட்டைதான் வளையணும். வளைய மறுத்தா உடையும். அவ்வளவுதான் கதை.

இப்ப ரெண்டாவது புத்தகம். இது தைச்சது. இந்த மேல் ஓரத்தைப் பாருங்க, முதுகுக்கிட்ட. தாள் எல்லாம் குட்டிக் குட்டிக் கட்டா, ஒவ்வொரு கட்டும் வளைஞ்ச மடிப்போட தெரியுதில்ல? சீவின புத்தகத்துல இந்த வளைவு இருக்காது, எல்லாம் ஒரே தட்டையா இருக்கும். முதல் தாள்லேர்ந்து எண்ணிட்டு வந்தா, எட்டாம் பக்கத்துக்கும் ஒன்பதாம் பக்கத்துக்கும் நடுவுல நூல் தெரியும். அடுத்தது 24க்கும் 25க்கும் நடுவுல. இப்படி ஒவ்வொரு ஃபாரத்தோட நடுவிலயும்.

இங்க நூல் மடிப்புக்குள்ள நுழைஞ்சு, அடுத்த ஃபாரத்தோட பிணைஞ்சு போகுது. முதல் பக்கத் தாளும் பதினாறாம் பக்கத் தாளும் ஒரே காகிதம், நடுவுல மடிஞ்சு நூல்ல மாட்டியிருக்கு. ஒரு தாளைப் பிடிச்சு இழுத்தா அதோட ஜோடியையும் சேர்த்துத்தான் இழுக்கணும். பசை இறுகிப் போனாலும் தாள் உதிராது. விரியறதும் மடிப்புல விரியுது, பசையில இல்ல. அதனாலதான் தரையில வெச்சா படிஞ்சு கிடக்குது. கை விட்டுட்டேன் பாருங்க, மூடலை.

என் முடிவை இப்பவே சொல்லிடறேன். இந்தப் பாட்டுப் புத்தகத்துக்குத் தையல்தான். ஆனா "தைச்சுக் குடுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்தா, ரெண்டு விதமா ஏமாறலாம்.

முதல் விஷயம், சைடு ஸ்டிச். அடுக்கின மொத்தக் கட்டையும் முதுகு ஓரமா மேலேர்ந்து கீழே குத்தித் தைக்கறது. இதுவும் தையல்தான், இரும்பு மாதிரி நிக்கும், ஒரு தாள் வராது. ஆனா விரியாது. உள் மார்ஜின்ல ஒரு சென்டிமீட்டருக்கு மேல தின்னுடும், முதல் வார்த்தை இடுக்குல போயிடும். பாட்டுப் புத்தகத்துக்கு அது உதவாது. நமக்கு வேண்டியது செக்‌ஷன் தையல், ஃபாரம் ஃபாரமா தைக்கறது.

ரெண்டாவது இன்னும் மோசம். ஃபாரத்தை ஒழுங்கா தைச்சுட்டு, அட்டை ஒட்டறதுக்காக அதே பர்ஃபெக்ட் பைண்டிங் மெஷின்ல விடுவாங்க. அதுல தப்பில்ல, பல இடத்துலயும் அப்படித்தான். ஆனா விடறதுக்கு முன்னாடி முதுகைச் சீவற கட்டரை விலக்கி வைக்கணும். அவசரத்துல அது ஓடிட்டா மடிப்போட நூலும் அறுந்துடும். வெளியில பாத்தா தெரியவே தெரியாது. காசு குடுத்தது தையலுக்கு, கைக்கு வந்தது பர்ஃபெக்ட் பைண்டிங். இதோ மூணாவது புத்தகம் அப்படிப்பட்டதுதான். முதுகைக் கத்தியால திறந்திருக்கேன். பசைக்குள்ள வெள்ளை வெள்ளையா தெரியறது துண்டு துண்டான நூல். எட்டு, ஒன்பதாம் பக்கத்துக்கு நடுவுல எதுவும் இல்ல, ரெண்டும் தனித்தாள்.

சரி, தையலுக்கு என்ன குறை? முதுகு தடிச்சுடும். நம்ம புத்தகத்துல 384ஐ 16ஆல வகுத்தா 24 ஃபாரம். ஒரு ஃபாரத்துக்கு நூல் கால் மில்லிமீட்டர் சேர்க்கும்னு வெச்சாலும், முதுகுல மட்டும் ஆறு மில்லிமீட்டர் கூடும். தாள்களோட கனமே 17, 18 மில்லிமீட்டர்தான். அப்படியே அட்டை போட்டா முதுகு தடிச்சு, வாய்ப்பக்கம் மெலிஞ்சு, அடுக்கி வெச்சா சரியும். அதனால தைச்சதும் பிரஸ்ல நல்லா அழுத்தணும், நூல் பேப்பருக்குள்ள பதியும். மெல்லிய நூலாவும் இருக்கணும். அட்டை டிசைன் பண்றவர் முதுகு அகலத்தைக் கணக்குப் போட்டு வெச்சுக்காம, தைச்சு அழுத்தின டம்மியை அளந்துதான் வைக்கணும்.

இன்னொரு பலவீனம் முதல் ஃபாரமும் கடைசி ஃபாரமும். உள்ளே எல்லாம் உறுதியா இருக்கும், அட்டை மட்டும் மொத்தமா கழண்டு வரும், கூடவே முதல் ஃபாரத்தையும் பிச்சுக்கிட்டு. இதுக்கு மருந்து, முதுகு மேல வளையற குளிர் பசையை, அதாவது பி.வி.ஏ.வை, மெல்லிசா தடவி, அது மேல ஒரு வலைத்துணி ஒட்டறது. துணி ரெண்டு பக்கமும் கொஞ்சம் தாண்டி வந்து முதல், கடைசித் தாள்ல ஒட்டணும். அதுக்கு மேல அட்டை. செலவு அதிகமில்ல, ஆனா கேட்டாத்தான் போடுவாங்க.

இப்ப பி.யூ.ஆர். பத்திச் சொல்லலேன்னா நியாயமா இருக்காது. அதுவும் பர்ஃபெக்ட் பைண்டிங்தான், பசை மட்டும் வேற, பாலியூரித்தேன். ஈ.வி.ஏ.வை விடக் குறைஞ்ச சூட்டுல, அதைவிட மெல்லிசா தடவுவாங்க. காத்துல இருக்கற ஈரத்தோட சேர்ந்து மெதுவா கெட்டிப்படும், முழு பலம் வர ஒரு நாளாவது ஆகும். கெட்டிப்பட்ட பிறகு திரும்ப உருகாது, குளிர்லயும் வளையும். ஆர்ட் பேப்பர்ல வழக்கமான பசை வழுக்கிடும், இது அதையும் பிடிக்கும். நீங்க ஐம்பது பிரதி டிஜிட்டல்ல அடிக்கறீங்கன்னா, அங்க பெரும்பாலும் தனித்தனித் தாளாத்தான் வெளியில வரும், மடிப்பே கிடையாது, செக்‌ஷன் தையலுக்கு வழி இல்ல. அந்த இடத்துல நான் யோசிக்காம பி.யூ.ஆர். சொல்வேன். ஒரு வருஷம் படிச்சுட்டுத் தூக்கிப்போடற கைடுக்கு ஈ.வி.ஏ.வே போதும். அதுக்குத் தைக்கறது காசைக் கரைக்கறது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பேப்பரோட நார் ஓடற திசை முதுகுக்கு இணையா இருக்கணும். குறுக்கே ஓடினா பக்கம் விறைச்சுக்கிட்டு எழும்பும், ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் முதுகை நெம்பும். பசைப் புத்தகம் அதுலயே பாதி செத்துடும். சோதிக்கறது சுலபம், ஒரு தாளை ஒரு பக்கம் மட்டும் நனைச்சு வைங்க. தாள் சுருளும். அந்தச் சுருளோட நீளவாக்குதான் நார் திசை. இதை அச்சடிக்கறதுக்கு முன்னாடி, ஷீட் சைஸ் முடிவு பண்ணும்போதே பாத்துடணும். அடிச்ச பிறகு ஒண்ணும் பண்ண முடியாது.

பஜனைக் குழுவுக்கு நான் கொட்டேஷன்ல எழுதிக் கொடுத்த வரிகளை அப்படியே வாசிக்கறேன்: "16 பக்க ஃபாரம், செக்‌ஷன் தையல், சைடு ஸ்டிச் கூடாது. தைச்ச பிறகு முதுகைச் சீவக் கூடாது. முதுகுக்கு பி.வி.ஏ., வலைத்துணி. அட்டை 300 ஜிஎஸ்எம், மேட் லேமினேஷன், நாலு க்ரீஸ்." க்ரீஸ்னா அட்டை மடங்கறதுக்காக அழுத்திப் போடற கோடு. நாலு ஏன்னா, முதுகோட ரெண்டு ஓரத்துல ரெண்டு, அதுலேர்ந்து ஆறேழு மில்லிமீட்டர் தள்ளி முன்னும் பின்னும் ஒவ்வொண்ணு. அட்டை அந்த வெளிக்கோட்டுல மடங்கும், முதுகை இழுக்காது.

முதல் பத்து பிரதி வந்ததும் ஒண்ணை எடுத்து, நடுவுல ஒரே ஒரு தாளைப் பிடிச்சு மொத்தப் புத்தகத்தையும் தூக்கி ஆட்டுங்க. அப்புறம் எட்டாம் பக்கத்துல நூலைத் தேடுங்க. அப்புறம் அதை முதுகைத் திறந்து பாருங்க, ஒரு பிரதி போனா போகுது. மீதி 990க்கு அட்டை ஒட்டறதுக்கு முன்னாடியே இதைச் செஞ்சிடணும். அதனால பைண்டர்கிட்ட "பத்து பிரதி முடிச்சுட்டு நிறுத்துங்க"ன்னு முதல்லயே சொல்லி வைங்க.