இரண்டு மைக், மூன்று கெயின்: ஏற்காட்டில் எடுத்த ஒரு பேட்டி

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் பாருங்கள், களத்தில் காப்பிப் பழம் காய்கிறது, சிவப்பும் கறுப்புமாக. இந்த வீட்டுப் பெரியவரையும் அவர் மருமகளையும் பேட்டி எடுத்து முடித்துக் கால் மணி நேரம்தான் ஆகிறது, சூடு ஆறுவதற்குள் இந்த இரண்டு சேனல் வயர்லெஸ் மைக் கிட்டில் கெயினை, அதாவது குரலைப் பெருக்குகிற அளவை, எப்படி வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன வீடியோவுக்குக் கீழே நிறைய பேர் கேட்டது இதைத்தான்.

கிட் என்றால் இவ்வளவுதான். சட்டையில் மாட்டுகிற, மைக்கோடு சேர்ந்த டிரான்ஸ்மிட்டர் இரண்டு, கேமரா தலையில் உட்காருகிற ரிசீவர் ஒன்று, ரிசீவரிலிருந்து கேமராவின் மைக் துளைக்குப் போகிற இந்தக் குட்டி ஒயர். ஒயரின் பின்னைப் பாருங்கள், இரண்டு கறுப்பு வளையம் இருக்கிறது. கேமராவுக்கு இதுதான். மூன்று வளையம் உள்ள ஒயர் போனுக்கானது, அதை மாற்றிச் செருகினால் சத்தம் வராது, அல்லது எங்கோ தூரத்தில் பேசுகிற மாதிரி வரும்.

சரி, கெயினுக்கு வருவோம். மூன்று மாதத்துக்கு முன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் பேட்டி எடுத்தேன். சுற்றிலும் சுத்தியல் சத்தம், அதை மீறிப் பேச வேண்டும் என்று அந்த அண்ணன் கிட்டத்தட்டக் கத்திக்கொண்டுதான் பேசினார். கேமரா மீட்டர் சிவப்பைத் தொட்டது. உடனே கேமராவில் ஒலிப்பதிவு அளவைக் குறைத்தேன், மீட்டர் -10 டெசிபலுக்கு இறங்கி வந்தது, 0-தான் அதன் உச்சி, நிம்மதியாக நாற்பது நிமிடம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் அவர் குரல் முழுக்கக் கரகரவென்று உடைந்திருக்கிறது. மீட்டர் சிவப்பிலேயே இல்லை, ஆனாலும் உடைந்திருக்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, ஏனென்றால் அந்த அண்ணன் ஒரு வேலை நாளை எனக்காக ஒதுக்கியிருந்தார்.

என்ன நடந்தது என்றால், உடைந்தது கேமராவில் இல்லை, டிரான்ஸ்மிட்டருக்குள். முந்தின ஷூட்டில் மெதுவாகப் பேசுகிற ஒருவருக்காக டிரான்ஸ்மிட்டர் கெயினை ஏற்றி வைத்திருந்தேன், அதை இறக்கவே இல்லை. குரல் அங்கேயே உச்சியில் முட்டி, மேல்பாகம் வெட்டுப்பட்டுத்தான் ரிசீவருக்கே வந்தது. அதற்குப் பிறகு கேமராவில் குறைத்தால் உடைந்த குரல் சின்னதாகக் கேட்கும், அவ்வளவுதான். மேட்டூர்த் தண்ணீர் கலங்கி வருகிற நாளில் வீட்டுக் குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் தெளிந்த தண்ணீரா வரும்? எடிட்டிங்கில் அந்த அலையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்தது: உச்சிகள் எல்லாம் அரிவாளால் சீவின மாதிரி தட்டையாக, ஆனால் 0-வில் இல்லை, -10-இல். உச்சி 0-வில் தட்டையாக இருந்தால் கேமராவில் அளவு மிஞ்சிவிட்டது. அதற்குக் கீழேயே தட்டையாக இருந்தால் கேமராவில் அளவைக் குறைக்கிற இடத்துக்கு வருவதற்கு முன்பே உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

அதனால் கெயின் இருப்பது ஓர் இடத்தில் இல்லை, மூன்று இடத்தில். முதலில் டிரான்ஸ்மிட்டர். சில கிட்டில் அதை ரிசீவர் திரையிலிருந்தே மாற்றலாம், மாற்றினாலும் வேலை நடப்பது டிரான்ஸ்மிட்டருக்குள்தான். இரண்டாவது ரிசீவரின் அவுட்புட் அளவு, அதாவது ரிசீவர் கேமராவுக்கு அனுப்புகிற பலம். மூன்றாவது கேமராவின் ஒலிப்பதிவு அளவு. மைக் பக்கத்திலிருந்து ஆரம்பித்து இந்த வரிசையில்தான் வைத்துக்கொண்டு வர வேண்டும். பின்னாலிருந்து முன்னால் போனால் என் கொலுசுப் பட்டறைக் கதைதான்.

இன்றைக்கு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பெரியவர் ரொம்ப மெதுவாகப் பேசுகிறவர், எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மருமகள் அக்கா கணீரென்று பேசுவார், பேச்சுக்கு நடுவே சிரித்தால் களத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். ரிசீவரை ஸ்டீரியோவில் வைத்தேன், அதாவது பெரியவர் மைக் இடது சேனல், அக்கா மைக் வலது சேனல். மோனோவில் வைத்தால் இரண்டு பேரும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள், அப்புறம் அவர் இருமலை மட்டும் எடுக்க வேண்டும் என்றாலும் முடியாது. எது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள மைக் மேல் நகத்தால் லேசாகச் சுரண்டினால் போதும், கேமராவில் அந்தப் பக்க மீட்டர் துள்ளும். கேமராவின் சொந்த மைக் ஓடிக்கொண்டிருந்தாலும் இதிலேயே மாட்டிக்கொள்ளும்.

சோதனைக்கு யாரையும் 'ஒன்று, இரண்டு, மூன்று' சொல்லச் சொல்லாதீர்கள், அதை எல்லோருமே அடக்கமாகத்தான் சொல்வார்கள். நான் கேட்டது, "ஐயா, தோட்டத்துக்குள்ள காட்டெருமை வந்த கதையைச் சொல்லுங்க." அவ்வளவுதான், இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், நான் ரிசீவர் மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே கெயினில் பெரியவரின் உச்சி -24, அக்காவின் உச்சி -8. எனக்கு வேண்டியது இரண்டு பேருக்கும் -12.

இங்கே கை உடனே பெரியவரின் கெயினை ஏற்றத்தான் போகும். போக விடாதீர்கள். கெயினை ஏற்றினால் அவர் குரல் மட்டும் ஏறாது, சில்வண்டு ஏறும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அக்காவின் குரலும் அவர் மைக்கில் சேர்ந்து ஏறும். அதனால் முதலில் மைக் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். சட்டையின் மூன்றாவது பட்டனுக்குக் கீழே, வாயிலிருந்து ஒரு முப்பது சென்டிமீட்டர். அதைக் காலருக்குப் பக்கத்தில், ஒரு சாணுக்கும் குறைவாக, பதினைந்து சென்டிமீட்டருக்கு ஏற்றி மாட்டினேன். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், சில்வண்டு எங்கிருந்ததோ அங்கேயே இருக்கும். -24 இப்போது -18. மீதி 6 டெசிபலை மட்டும் டிரான்ஸ்மிட்டர் கெயினில் கொடுத்தேன், -12-க்கு வந்துவிட்டது. சில கிட்டில் டிரான்ஸ்மிட்டர் கெயினை மாற்றவே முடியாது, அவுட்புட் மட்டும்தான் இருக்கும். அப்படி இருந்தால் மைக்கை நகர்த்துவது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கிற வழி.

அக்காவுக்கு 4 டெசிபல் குறைத்தேன், பேச்சு -12-இல் நின்றது. சிரிப்பு அதைவிட 8 டெசிபல் மேலே போனது, அதாவது -4. சிவப்பு இல்லை, உடையவும் இல்லை, அப்படியே விட்டுவிட்டேன். பேச்சை -12-இல் வைக்கச் சொல்வதே இந்தச் சிரிப்புக்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான்.

அக்காவின் மைக்கில் இன்னொரு விஷயம், கெயினால் தீராதது. புடவைத் தலைப்பில் மாட்டியிருந்தேன், பேசும்போது டக், டக் என்று ஒரு சத்தம். காது கொடுத்துக் கேட்டால் தாலிச் சங்கிலி மைக் மேல் பட்டுக்கொண்டே இருக்கிறது. "அக்கா, செயினைக் கொஞ்சம் புடவைக்குள்ள விட்டுக்கறீங்களா" என்று கேட்டேன், விட்டுக்கொண்டார், சரியாகிவிட்டது. தோளில் ஊக்கு குத்துகிற இடத்தில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது, தலையை மறுபக்கம் திருப்பினால் குரல் போய்விடும்.

இப்போது கேமரா பக்கம். முதல் வேலையாக ஒலிப்பதிவில் ஆட்டோவை அணைத்துவிடுங்கள். ஆட்டோவில் இருந்தால் பெரியவர் யோசிக்க நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் கேமரா சத்தம் போதவில்லை என்று நினைத்துக் கெயினை ஏற்றும், அந்த இடைவெளியில் இஸ்ஸ்ஸ் என்று ஓர் இரைச்சல் எழும்பி வரும், அவர் வாயைத் திறந்ததும் அமுங்கும். ஒரு தடவை காதில் பட்டுவிட்டால் பேட்டி முழுக்க அதுதான் கேட்கும்.

மேனுவலில் போட்டு கேமரா அளவைக் குறைவாக வையுங்கள். என் கேமராவில் அதிக அளவு 20, நான் வைத்தது 3. கேமராவுக்குள் இருக்கிற பெருக்கி பொதுவாக அவ்வளவு நல்லது இல்லை, அதை ஏற்ற ஏற்ற இரைச்சலும் ஏறும். அதனால் பலத்தை ரிசீவரிடமிருந்து வாங்க வேண்டும். கேமரா 3-இல் இருக்க, ரிசீவர் அவுட்புட்டைக் கேமரா மீட்டரும் -12 காட்டுகிற வரை ஏற்றினேன். ஆனால் இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது, மைக் துளை சின்ன மின்னளவுக்காகச் செய்தது. கேமராவை 1-க்கு இறக்கியும் குரல் உடைகிறது, ரிசீவரில் கேட்டால் சுத்தமாக இருக்கிறது என்றால் அந்த வாசலிலேயே முட்டுகிறது, அப்போது அவுட்புட்டைக் குறைத்துக் கேமராவை ஒரு படி ஏற்றுங்கள். கேமராவில் இருக்கிற ஒரே சக்கரம் இரண்டு சேனலையும் சேர்த்துத்தான் ஏற்றி இறக்கும், இரண்டு பேருக்கு நடுவிலான வித்தியாசத்தை முன்னாலேயே டிரான்ஸ்மிட்டரில் சரி செய்தது அதனால்தான்.

கேமராவுக்குப் பதில் தனி ரெக்கார்டர் வைத்திருந்தால் அதில் பெரும்பாலும் பலமான சிக்னலுக்கு லைன், மெல்லிய சிக்னலுக்கு மைக் என்று இரண்டு வழி இருக்கும். ரிசீவர் அவுட்புட்டை ஏற்றி வைத்தால் லைனில் கொடுங்கள். மைக்கில்தான் கொடுக்க முடியும் என்றால் அவுட்புட்டை நன்றாக இறக்கி, மைக்குக்கு மின்சாரம் கொடுக்கிற 'பிளக்-இன் பவர்' அமைப்பை அணைத்துவிடுங்கள், ரிசீவருக்கு அது தேவையே இல்லை.

ஹெட்போனைக் கேமராவில் மாட்டிக் கேளுங்கள், ரிசீவரில் இல்லை. ரிசீவரில் கேட்டால் பாதி வழி வரைதான் தெரியும், ஒயர் லூசாக இருந்தாலும் தெரியாது. இன்று பேட்டிக்கு நடுவில் பெரியவர் எழுந்து செடியைக் காட்டப் போனார், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இரண்டு இடத்தில் குரல் வெட்டி வெட்டி வந்தது. இந்த கிட் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, மனித உடம்பில் இருக்கிற தண்ணீர் அந்த அலையை நன்றாகவே விழுங்கிவிடும், மைக் நெஞ்சில், கேமரா முதுகுப் பக்கம் என்றால் நடுவில் அவரே சுவர். நான் ஹெட்போனில் கேட்டதால் தெரிந்தது, சுற்றி வந்து அவர் முகத்துக்கு எதிரே நின்று திரும்ப ஒரு முறை சொல்லச் சொன்னேன், கோபப்படாமல் சொன்னார்.

இப்போது மூட்டை கட்டுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எடுத்த கடைசி ஃபைலை ஓட்டி, இடது பக்கம் முப்பது விநாடி, வலது பக்கம் முப்பது விநாடி, அக்கா சிரிக்கிற இடம் ஒன்று. இதோ ஹெட்போனை மாட்டுகிறேன். சேலம் வரை இருபது கொண்டை ஊசி வளைவு, இறங்கிப் போன பிறகு தெரிந்தால் பெரியவரைத் திரும்ப உட்கார வைக்க முடியாது. ம்ம், சிரிப்பு சுத்தமாக இருக்கிறது.