கேப்ஷன் எழுதுறதுக்கு முன்னாடி கிளையன்ட் கிட்ட என்ன கேக்கணும்?

[திரையில்: ஒரு மெசேஜ். "ஓவிய வகுப்புக்கு 5 கேப்ஷன் வேணும். நாளைக்குள்ள கிடைக்குமா?"]

வணக்கம். இப்படி ஒரு மெசேஜ் வந்தா நம்ம கை நேரா டைப் பண்ணத்தான் போகும். நானும் அதைத்தான் செஞ்சேன். குழந்தைகளுக்கான ஆன்லைன் ஓவிய வகுப்பு, இன்ஸ்டாகிராம் போஸ்ட்டுக்கு கேப்ஷன். "வண்ணங்களோட உலகத்துக்கு வாங்க குட்டீஸ்!"னு ஆரம்பிச்சு அஞ்சையும் அன்னிக்கே அனுப்பிட்டேன். "நல்லாருக்கு, ஆனா என்னமோ குறையுதே"னு பதில் வந்துச்சு. மூணு தடவை மாத்திக் கொடுத்தேன், மூணு தடவையும் அதே பதில். கடைசில போன் போட்டு 15 நிமிஷம் பேசினேன். அந்தப் பேச்சை அப்படியே உங்க முன்னாடி விரிச்சு வெக்கிறேன்.

[திரையில்: படிச்சவங்க அடுத்து என்ன செய்யணும்?]

இதைத்தான் முதல்ல கேட்டேன். "வகுப்புல சேரணும்"னு சொன்னாங்க. அதோட விடக்கூடாது. எப்படிச் சேருவாங்க, எங்க போய்ச் சேருவாங்கன்னு தோண்டணும். "கேப்ஷன்ல ஃபார்ம் லிங்க் போட்டுடுங்க"னாங்க. இன்ஸ்டாகிராம் கேப்ஷன்ல போடுற லிங்க்கைத் தட்டினா திறக்காது, வெறும் எழுத்தாத்தான் நிக்கும். சரி, இதுவரைக்கும் சேர்ந்தவங்க எந்த வழியா வந்தாங்கன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "ஃபார்மை யாரும் நிரப்பலைங்க. மெசேஜ் பண்ணிக் கேட்டவங்கதான் சேர்ந்தாங்க"னாங்க. கேப்ஷனோட கடைசி வரி அங்கயே முடிவாயிடுச்சு: "வகுப்பு"ன்னு ஒரு மெசேஜ் அனுப்புங்க.

அதுக்கு வாலா இன்னொரு கேள்வி உண்டு. அந்த மெசேஜுக்கு யார் பதில் சொல்லுவாங்க, எப்போ? அவங்களேதான், வகுப்பெல்லாம் முடிச்சுட்டு ராத்திரி 8 மணிக்கு மேல. காலையில கேட்டவங்க சாயங்காலம் வரைக்கும் பதில் வரலைன்னு வேற இடம் பார்த்துடுவாங்க. அதனால அந்த நேரமும் கேப்ஷனுக்குள்ள போகணும்.

[திரையில்: கடைசியா சேர்ந்த மூணு பேர் யாரு? முதல்ல என்ன கேட்டாங்க?]

"உங்க டார்கெட் ஆடியன்ஸ் யாரு?"னு மட்டும் கேக்காதீங்க. எனக்குத் தெரிஞ்சு அதுக்கு ஒரே பதில்தான் வரும்: "எல்லாரும்தான்." கடைசியா சேர்ந்த மூணு பேரைப் பத்திக் கேளுங்க. பேர் வேண்டாம், அவங்க கேட்ட முதல் கேள்வி போதும். இந்தம்மா போனை எடுத்துப் பழைய மெசேஜை எல்லாம் படிச்சுக் காட்டினாங்க.

ஒரு அம்மா: "ஏற்கனவே நாள் முழுக்க ஸ்கிரீன்தான், இதுவும் ஸ்கிரீனா?" இன்னொருத்தர்: "என் பொண்ணுக்கு கோடே நேரா வராது, சேர்த்துக்குவீங்களா?" மூணாவது ஒரு அப்பா: "ஒரு வகுப்பு விட்டுப்போனா ரெக்கார்டிங் கிடைக்குமா?"

மூணும் பெத்தவங்க கேட்ட கேள்வி. நான் "குட்டீஸ்"னு கூப்பிட்டது யாரை? வகுப்பு 7லேர்ந்து 10 வயசுக்கு. இன்ஸ்டாகிராம்ல கணக்கு ஆரம்பிக்கவே 13 வயசு ஆகணும். படிக்கவே போகாத ஆளுக்கு அஞ்சு கேப்ஷன் எழுதி வெச்சிருந்திருக்கேன்.

கேள்வி கிடைச்சா அதுக்கான பதிலையும் அப்பவே வாங்கிடணும். "அந்த ஸ்கிரீன் கேள்விக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"னு கேட்டேன். ரொம்ப சாதாரணமா சொன்னாங்க: "45 நிமிஷ வகுப்புல நான் வரைஞ்சு காட்டுற முதல் 10 நிமிஷம்தான் திரையைப் பார்ப்பாங்க. அப்புறம் போனைப் பேப்பர் பக்கம் திருப்பி வெச்சுட்டு வரைய ஆரம்பிச்சுடுவாங்க." இவ்வளவு நல்ல விஷயத்தை இதுவரைக்கும் எந்த போஸ்ட்லயும் அவங்க சொன்னதே இல்ல! தினமும் செய்யுற வேலைங்கறதால, அதுல சொல்ல ஒண்ணும் இல்லன்னு கிளையன்ட்டுக்குத் தோணிடும்.

[திரையில்: அது உண்மைன்னு எப்படித் தெரியும்?]

இதைக் கேக்க கொஞ்சம் கூச்சமா இருக்கும். "குழந்தைகளுக்கு கவனம் கூடும்னு போடுங்க"னு சொன்னாங்க. எப்படித் தெரியும்னு கேட்டேன். ஒரு அம்மா அப்படிச் சொன்னாங்களாம். அப்போ அது அந்த அம்மாவோட அனுபவம். அவங்க சம்மதிச்சா அவங்க சொன்ன மாதிரியே போடலாம். எல்லாக் குழந்தைக்கும் கூடும்னு நாம வாக்குக் கொடுக்க முடியாது. "சில இடங்களே உள்ளன"ங்கறதும் இதே கதைதான். எத்தனைன்னு கேட்டேன், ஒரு பேட்ச்சுக்கு 12 பேர். அந்த எண்ணையே போட்டுட்டா போச்சு. படத்துல குழந்தை முகம் தெரிஞ்சா, பெத்தவங்க சம்மதம் எழுத்துல இருக்கான்னும் கேட்டு வெச்சுக்கோங்க.

[திரையில்: போஸ்டரைப் பார்க்காம எழுதாதீங்க]

போஸ்டரை வாங்கிப் பார்த்தா தேதி, நேரம், வயசு எல்லாம் அதுலயே பெருசா இருக்கு. நான் அதையே கேப்ஷனோட முதல் ரெண்டு வரியில திருப்பி எழுதியிருந்தேன். ஃபீட்ல பார்க்குறவங்களுக்கு "மேலும்" அழுத்தாம தெரியுறதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். முழுசா 2,200 எழுத்துக்குறி வரைக்கும் இடம் இருக்கேன்னு நம்பிக்கிட்டு, சொல்ல வேண்டியதை நாலாவது வரியில ஒளிச்சு வெக்கக்கூடாது. இன்னொண்ணு, போஸ்டர்ல "14, சனிக்கிழமை"ன்னு இருந்துச்சு. காலண்டரைப் பார்த்தா அந்த 14 ஞாயித்துக்கிழமை. கிழமையும் தேதியும் பொருந்துதான்னு எப்பவும் ஒரு தடவை பாருங்க.

மொழிநடைக்கு நான் ரொம்ப மெனக்கெடுறதில்ல. ஒரு வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்லுவேன். அவங்க பேசுற விதத்துலயே நீங்கவா, நீயா, எவ்வளவு இங்கிலீஷ் கலக்கலாம்னு தெரிஞ்சுடும். ஆனா கடைசியா "ஓகே" சொல்லப்போறது யாருன்னு மறக்காம கேளுங்க. இவங்க விஷயத்துல கூட்டாளி ஒருத்தர் இருந்தாங்க. "என்னமோ குறையுதே"ன்னது அவங்கதான். நான் அவங்ககிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசினதில்ல.

போனை வெச்சதும், பேசினதை ஆறு வரியில எழுதி ரெண்டு பேருக்கும் அனுப்பினேன். "சரி"ன்னு பதில் வந்த பிறகுதான் எழுத உக்காந்தேன். பதில் வராத விவரத்தை யூகிச்சு நிரப்ப வேண்டாம். அந்த இடத்துல "பேட்ச் தொடங்கும் தேதி இங்கே"ன்னு காலியா விட்டு அனுப்புங்க, அவங்களே நிரப்பிடுவாங்க.

இப்போ முதல் கேப்ஷன் இப்படி வந்துச்சு.

[திரையில்:
"இதுவும் ஸ்கிரீனா?"
45 நிமிஷத்துல 10 நிமிஷம்தான். மிச்ச நேரம் உங்க குழந்தை பார்க்கப்போறது பேப்பரையும் பென்சிலையும்.
ஒரு பேட்ச்ல 12 பேர் மட்டும்.
"வகுப்பு"ன்னு மெசேஜ் அனுப்புங்க. இரவு 8 மணிக்கு மேல நானே பதில் சொல்றேன்.]

"வகுப்பு நடத்துறவங்க பேரை மறைச்சுட்டா வேற ஓவிய வகுப்புக்கும் இது பொருந்துமா?"னு ஒரு தடவை பார்ப்பேன். பொருந்துச்சுன்னா இன்னும் கேக்க வேண்டியது பாக்கி இருக்குன்னு அர்த்தம். என்னோட பழைய "வண்ணங்களோட உலகம்" எல்லாருக்கும் பொருந்தும். இந்தப் 10 நிமிஷம் அவங்களுக்கு மட்டும்தான்.

ரெண்டாவது கேப்ஷன் நேரா வராத கோட்டுல ஆரம்பிச்சுது, மூணாவது ரெக்கார்டிங்ல. நாலாவது, சம்மதம் வாங்கின பிறகு, அந்த அம்மா சொன்ன வார்த்தை. அஞ்சாவதுக்கு எங்கிட்ட விஷயம் இல்லன்னு சொல்லிட்டேன். "அப்போ நாலே போதும்"னு அவங்களே சொல்லிட்டாங்க.