3,200 ரூவா கார்டு, ஒல்லி ஆஃபீஸ் சிஸ்டம்: ஜிடிஏ ஓடுதா பாப்போம்

வணக்கங்க, அம்மாபேட்டைல நம்ம வீட்டு மாடிலேர்ந்து பேசறேன், பின்னாடி டக்கு டக்குன்னு கேக்கறது பக்கத்து வீட்டு தறி, கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

டேபிள்ல இருக்கறது டெல் ஆப்டிப்ளெக்ஸ் 3020, ஒல்லி மாடல். ஐ5 4570, நாலு நாலா 8 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். ஏற்காட்டுல இருக்கற என் மாமா பையனுக்கு. ஒரு ஆஃபீஸ்ல கழிச்சு விட்டதை வாங்கி வந்து, அண்ணா இதுல ஜிடிஏ 5 ஓடணும், ஒரே ஒரு பொருள்தான் வாங்குவேன்னு நிக்கறான். ஏற்கெனவே ஓட்டிப் பாத்துட்டான், எல்லா செட்டிங்கையும் இருக்கறதுலயே கம்மியான நார்மல்ல வச்சும் 22லேர்ந்து 28 எஃப்பிஎஸ்தான், கார் ஓட்டுனா ஸ்லைடு ஷோ மாதிரி இருக்கு.

ப்ராசசர் மேல தப்பில்லைங்க, இந்த கேமுக்கு அது தாங்கும். அதுக்குள்ளயே இருக்கற கிராஃபிக்ஸ்தான் முட்டுக்கட்டை, அதனால வாங்கற ஒரு பொருள் கிராஃபிக்ஸ் கார்டுதான். ஆனா மூடியைக் கழட்டிப் பாத்தா பவர் சப்ளை 255 வாட்ஸ், கார்டுக்குன்னு தனி பவர் வயரே கிடையாது. அப்போ ஸ்லாட் குடுக்கற 75 வாட்ஸுக்குள்ள அடங்கணும், உயரம் பாதியா இருக்கணும், விலையும் கம்மியா வேணும். இதெல்லாம் வடிகட்டினா நிக்கறது ஜிடி 1030, அது 30 வாட்ஸ்தான் இழுக்கும்.

இங்கதான் பல பேர் ஏமாறாங்க, கவனமா கேளுங்க. ஜிடி 1030ங்கற ஒரே பேர்ல ரெண்டு கார்டு இருக்கு. 2017ல வந்ததுல ஜிடிடிஆர்5 மெமரி, அடுத்த வருஷம் வந்த இன்னொன்னுல சாதா டிடிஆர்4. மெமரி வேகம் முதல்ல வந்ததுக்கு செகண்டுக்கு 48 ஜிபி, ரெண்டாவதுக்கு 17 கூட வராது, மூணுல ஒரு பங்கு. ரெண்டுலயும் பெரும்பாலும் 2 ஜிபின்னுதான் போட்டிருக்கும். அதனால கடைக்காரர் சிஸ்டத்துலயே மாட்டச் சொல்லி GPU-Zங்கற சாஃப்ட்வேரை ஓப்பன் பண்ணுங்க, Memory Type-ல GDDR5, Bandwidth-ல 48 வந்தாதான் காசை எடுங்க. பழைய சிப்பை பேர் மாத்தி விக்கறதும் உண்டு, அப்படி இருந்தா பெரும்பாலும் பேருக்கு முன்னாடி [FAKE]-ன்னு அந்த சாஃப்ட்வேரே காட்டிக்குடுத்துரும். நாங்க செகண்ட் ஹேண்ட்ல 3,200க்கு வாங்கினோம்.

இவ்வளவு பாத்துட்டு நான் விட்டது எங்க தெரியுமா, பின்பக்கத் தகடு. கார்டு உசரம் கம்மிதான், ஆனா அதுல மாட்டியிருந்தது பெரிய கேபினெட்டுக்கான நீளத் தகடு, மூடி மூடவே இல்ல. திரும்ப அந்த வெயில்ல கடைக்குப் போனா, அவர் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவுத்துப்போட்டு தேடி சின்னத் தகடை எடுத்துக் குடுத்தாரு, ரெண்டு ஸ்க்ரூ, அஞ்சு நிமிஷ வேலை.

மாட்டி ஆன் பண்ணா ஸ்க்ரீன் கருப்பு! மாப்ளை மூஞ்சியும் கருப்பு. ஒண்ணுமில்ல, மானிட்டர் பழசு, விஜிஏ கேபிள் மட்டும்தான், அதை மதர்போர்டு பின்னாடியே விட்டுட்டோம். டிஸ்ப்ளே கார்டு வழியாத்தான் வரணும், இந்த கார்டுல இருக்கறது ஹெச்டிஎம்ஐயும் டிவிஐ-டியும், ரெண்டுலயும் விஜிஏ சிக்னல் வராது. வெறும் கேபிள் மாத்தினா வேலைக்காவாது, உள்ள சிப் வச்ச ஹெச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வெர்ட்டர் வேணும், அது ஒரு 300 ரூவா. ஒரே பொருள்னு சொன்ன கணக்கு அங்கயே உடைஞ்சுது, என்ன பண்றது.

இப்ப ரிசல்ட். மானிட்டர் 1366க்கு 768, அதே ரெசல்யூஷன்ல எல்லாம் நார்மல் வச்சு 55லேர்ந்து 65 வருது, ஊருக்குள்ள வேகமா போனா 48க்கு இறங்குது. டெக்ஸ்சரை மட்டும் ஹை-க்கு ஏத்திப் பாத்தேன், செட்டிங்ஸ்லயே ஒரு வீடியோ மெமரி பட்டை இருக்கும்ல, அது 2 ஜிபியைத் தாண்டி சிவப்பாச்சு, தாண்டினதும் திரும்பற ஒவ்வொரு முனைலயும் ஒரு குலுக்கல். நார்மலுக்கு இறக்கினதும் சரியாப் போச்சு.

கேம் லோட் ஆகறது மட்டும் அதே ஆமை வேகம், அது ஹார்ட் டிஸ்க் வேலை, கார்டு என்ன செய்யும். புதுசா வர்ற பெரிய கேம் எதுவும் இந்த 2 ஜிபில நினைக்காதீங்க. கேமைப் பதிவு பண்ணி யூடியூப்ல போடலாம்னு இருக்கறவங்களும் யோசிங்க, இந்த கார்டுல வீடியோ என்கோடர் கிடையாது, அந்த சுமையும் ப்ராசசர் தலைலதான் விழும்.

சரிங்க, இவன் பையைத் தூக்கிட்டான், 20 ஹேர்பின் பெண்டும் மடில வச்சுட்டே போகப் போறானாம். டேய், அந்த கன்வெர்ட்டர் டேபிள் மேலயே கெடக்கு பாரு, எடுத்துட்டுப் போ!