38 வயசுல கால்சியம் ஸ்கோர் ஜீரோ வந்தா மாத்திரை வேண்டாமா?

கேள்வி: "டாக்டர் சார், நான் ஒயிட்ஃபீல்டுல ஐடி வேலையில இருக்கேன். வயசு 38, சுகர், பிபி எதுவும் இல்ல. கெட்ட கொலஸ்ட்ரால், அதான் எல்டிஎல், 168. அப்பாவுக்கு 49 வயசுல ஹார்ட் அட்டாக். கம்பெனி செக்கப்ல சிடி எடுத்து கால்சியம் ஸ்கோர் ஜீரோன்னு வந்துருக்கு. ஆனா எங்க டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கற ஸ்டேட்டின் மாத்திரை போடச் சொல்றாரு. ஜீரோன்னு வந்தப்புறம் எதுக்கு சார் மாத்திரை?"

தம்பி, உங்க டாக்டர் சொன்னதுதான் சரி. மாத்திரையை அவர்கிட்டயே பேசி ஆரம்பிச்சுக்கங்க. அவ்வளவுதான் பதில், வீடியோவை இங்கயே முடிச்சிருக்கலாம். ஆனா இந்தக் கேள்வி ரெண்டு நாளா என்னை விடல. ஏன்னா இதே ரிப்போர்ட்டை 58 வயசுக்காரர் ஒருத்தர் கொண்டு வந்திருந்தா, அவருக்கு நேர் எதிரா, "மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், போயிட்டு வாங்க"ன்னு சொல்லியிருப்பேன். ஒரே ஜீரோ, ரெண்டு பதில். அது எப்படின்னு சொல்றேன்.

அந்த ஸ்கேன் எதைப் பாக்குது? ஊசி கிடையாது, டை கிடையாது. நெஞ்சுல ஈசிஜி ஒயரை ஒட்டி, பத்து செகண்ட் மூச்சைப் பிடிக்கச் சொல்லி எடுத்துடுவாங்க. இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற குழாய்களோட சுவத்துல சுண்ணாம்பு படிஞ்சிருக்கான்னு பாக்கறாங்க. குழாய் சுவத்துல கொழுப்பு சேந்து, அழற்சி வந்து, வருஷக்கணக்குல ஆறி ஆறிப் புண்ணாகி, கடைசியிலதான் சுண்ணாம்பு ஏறும். அதாவது நீங்க பாக்கறது தழும்பு. புதுசா, மெத்துன்னு, கொழகொழன்னு இருக்கற கொழுப்புப் படிவம் இந்த ஸ்கேன்ல தெரியவே தெரியாது.

38 வயசுல தழும்பு வர இன்னும் நேரமே ஆகல. உங்க வயசுல பெரும்பாலான ஆம்பளைங்களுக்கு ஜீரோதான் வரும். எல்லாருக்கும் வர்ற பதில் உங்களுக்கும் வந்திருக்கு, அதுல புதுசா என்ன தெரிஞ்சுது? டென்மார்க்ல, டை விட்டு குழாய் அடைப்பைப் பாக்கற சிடி ஆஞ்சியோ எடுத்தவங்களை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. 40 வயசுக்குக் கீழ, குழாய்ல நிஜமாவே பெரிய அடைப்பு இருந்தவங்கள்ல பாதிக்கு மேல பேருக்கு கால்சியம் ஸ்கோர் ஜீரோ. அடைப்பு இருக்கு, ஸ்கோர் ஜீரோ!

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. உங்களுக்கு ஜீரோ வராம வெறும் 5 வந்திருந்தா நான் நிமிந்து உக்காந்திருப்பேன். 70 வயசுல 5-ங்கறது ஒண்ணுமே இல்ல, சந்தோஷமான செய்தி. 38-ல 5-ன்னா, தழும்பு வரக்கூடாத வயசுல தழும்பு. அமெரிக்காவுல இளவயசுக்காரங்களைப் பல வருஷம் தொடர்ந்து பாத்த கார்டியா ஆய்வுல, நாப்பதை ஒட்டின வயசுல கொஞ்சமோ நிறையவோ கால்சியம்னு இருந்தவங்களுக்கு, இல்லாதவங்களை விட அடுத்த பன்னிரண்டு வருஷத்துல இதயப் பிரச்சினை சுமார் அஞ்சு மடங்கு அதிகமா வந்துச்சு. ஆக, சின்ன வயசுல நம்பர் வந்தா அது பேசும். வரலைன்னா அது பேசாது.

2021 அக்டோபர்ல கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயசுல திடீர்னு போனப்போ ஞாபகம் இருக்கா? அடுத்த வாரமே பெங்களூர்ல எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஹார்ட் செக்கப்புக்கு வரிசை. முப்பது வயசுப் பிள்ளைங்க, ஜிம்முக்குப் போறவங்க எல்லாம் வந்தாங்க. அந்தப் பயம் புரியுது. ஆனா அந்த அலையிலதான் இந்த ஸ்கேன் எல்லா பேக்கேஜ்லயும் ஏறி உக்காந்துச்சுன்னு எனக்கு ஒரு சந்தேகம். இருபத்தெட்டு வயசுக்காரனுக்கு ஜீரோ போட்டுக் குடுத்து, அவனும் அதை ஸ்டேட்டஸ்ல வெச்சு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு பிரியாணி!

இந்தச் சேனலை வழக்கமா பாக்கறவங்க இப்ப என்ன சொல்லப்போறேன்னு கண்டுபிடிச்சிருப்பீங்க. டிரெட்மில் வீடியோலயும் சொன்னேன், திரும்பவும் சொல்றேன். டெஸ்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி: பதில் எப்படி வந்தாலும் நான் செய்யப்போறது ஒண்ணுதானா? ஒண்ணுதான்னா டெஸ்ட் வேண்டாம். தம்பிக்கு எல்டிஎல் 160-க்கு மேல, அப்பாவுக்கு 55-க்கு முன்னாடியே அட்டாக். 2018-ல வந்த அமெரிக்க இதய சங்கங்களோட வழிகாட்டுதல்ல, 20-லேர்ந்து 39 வயசுக்குள்ள இந்த ரெண்டும் சேந்து இருந்தா ஸ்டேட்டினை யோசிக்கச் சொல்லியிருக்காங்க. அதுக்கு ஸ்கோர் தேவையில்ல. அதே மாதிரி எல்டிஎல் 190-ஐத் தாண்டினவங்களுக்கும் தேவையில்ல, மாத்திரை எப்படியும் உண்டு. ஏற்கனவே ஸ்டென்ட் வெச்சவங்க, பைபாஸ் பண்ணவங்களுக்கும் தேவையில்ல. மாடிப்படி ஏறினா நெஞ்சு அழுத்துதுன்னு சொல்றவங்களுக்கு இது தப்பான டெஸ்ட். அவங்க இந்த ஸ்கேனுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு வீட்ல உக்காரக் கூடாது, அன்னைக்கே ஜெயதேவாவோ பக்கத்துல இருக்கற எந்த இதய ஆஸ்பத்திரியோ போயி ஈசிஜி எடுக்கணும்.

அப்ப யாருக்குத்தான் இது உதவும்? இதைத்தான் நீங்க கேட்டிருக்கணும்னு எனக்கு ஆசை. மல்லேஸ்வரத்துலேர்ந்து ஒருத்தர் வந்தார். பேங்க்ல ரிட்டயர் ஆனவர், 58 வயசு. காலையில சேங்கி ஏரியைச் சுத்தி நடப்பார், மூச்சு வாங்காது, நெஞ்சு வலி இல்ல. எல்டிஎல் 138, பிபிக்கு ஒரு மாத்திரை. குடும்பத்துல யாருக்கும் சின்ன வயசுல அட்டாக் இல்ல. கணக்குப் போட்டா, பத்து வருஷத்துல அட்டாக்கோ பக்கவாதமோ வர்ற வாய்ப்பு நூத்துக்குப் பத்து மாதிரி வருது. மாத்திரை போடலாம், போடாமயும் பாக்கலாம். அவருக்கோ போட விருப்பமே இல்ல. "சார், அவசியம்னு காட்டுங்க, போடறேன்"னார். இந்த ஸ்கேன் பொறந்ததே இவருக்காகத்தான். இவருக்கு ஜீரோ வந்திருந்தா, சிகரெட்டும் சுகரும் இல்லாததால, "சரி, அஞ்சு வருஷம் கழிச்சுப் பாப்போம்"னு அனுப்பியிருப்பேன். 100-ஐத் தாண்டினா மாத்திரை, அதுல விவாதம் இல்ல. நடுவுல வந்தா, அவர் வயசுக்கு மாத்திரைப் பக்கம்தான் சாயணும்.

வந்தது 212. வீட்ல எல்லாரும் ஆடிப்போயிட்டாங்க. மச்சான், "212 பர்சென்ட் பிளாக்கா?"ன்னு கேட்டார். அவங்க வீட்டம்மா ராகியை நிறுத்திட்டாங்க, கால்சியம் ஜாஸ்தின்னு! சாப்பிடற ராகிக்கும் பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா, குழாய் சுவத்துல இருக்கற செல்லுங்களே அழற்சியில எலும்பு செல் மாதிரி மாறிச் சுண்ணாம்பு போடுதுங்க, நீங்க ராகி முத்தே கிண்டுங்கன்னு சொன்னேன். இன்னொரு இடத்துல உடனே ஆஞ்சியோ பண்ணிடலாம்னு சொல்லியிருக்காங்க. இந்த நம்பர் அடைப்போட அளவு இல்ல. எவ்வளவு நோய் சேந்திருக்குன்னு சொல்லும், எந்த இடத்துல குழாய் எவ்வளவு சுருங்கியிருக்குன்னு சொல்லாது. வலியே இல்லாம நடக்கறவருக்கு நம்பரை மட்டும் பாத்து ஸ்டென்ட் வெச்சா அட்டாக் குறையாது. அவருக்கு ரோசுவாஸ்டேட்டின் 20 போட்டோம், மூணு மாசத்துல எல்டிஎல் 64.

கதை இங்கயே முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒன்றரை வருஷம் கழிச்சு, எங்கயோ தள்ளுபடின்னு, என்கிட்ட சொல்லாம மறுபடி ஸ்கேன் எடுத்துட்டார். 290. "சார், உங்க மாத்திரை சாப்பிட்டு ஏறிடுச்சு!"

இதுக்கு அந்த நம்பரை எப்படிப் போடறாங்கன்னு தெரியணும். 1990-ல அகாட்ஸ்டன்னு ஒரு டாக்டரும் அவர் கூட்டாளிகளும் வெச்ச முறை, இன்னைக்கும் அதேதான். ஸ்கேன்ல ஒவ்வொரு புள்ளிக்கும் அடர்த்தி உண்டு. 130-ஐத் தாண்டினா சுண்ணாம்புன்னு கணக்கு. 130-லேர்ந்து 199 வரைக்கும் ஒரு மார்க், 200-லேர்ந்து ரெண்டு, 300-லேர்ந்து மூணு, 400-ம் அதுக்கு மேலயும் நாலு. அந்த மார்க்கைப் புள்ளியோட பரப்பால பெருக்கி எல்லாத்தையும் கூட்டறாங்க. இப்ப ஒரு புள்ளி, ஆறு சதுர மில்லிமீட்டர், அடர்த்தி 280. ஆறு பெருக்கல் ரெண்டு, 12. ஸ்டேட்டின் என்ன பண்ணும்? உள்ள இருக்கற கொழுப்பை உறிஞ்சி, சுண்ணாம்பை இறுக்கும். புள்ளி அதே ஆறு சதுர மில்லிமீட்டர்தான், வளரல, ஆனா அடர்த்தி 410 ஆயிடுச்சு. ஆறு பெருக்கல் நாலு, 24. ஸ்கோர் ரெண்டு மடங்கு! ஆனா வெடிக்கற வாய்ப்பு குறைஞ்ச, இறுகின படிவம் அது. இந்த முறையோட குறை இதுதான், இறுகினதுக்கு மார்க்கைக் குறைக்காம கூட்டுது. அதனாலதான் ஸ்டேட்டின் ஆரம்பிச்சவங்க இதைத் திரும்ப எடுக்காதீங்கன்னு தலையில அடிச்சுக்கறேன். ஏறினா மாத்திரையை நிறுத்துவீங்களா? இறங்குமா? ரெண்டும் இல்ல. அப்ப பதில் எப்படி வந்தாலும்... சரி, நீங்களே முடிச்சுக்கங்க.

ஸ்கேனால பெரிய கெடுதல் இல்ல, கதிர்வீச்சு ஒரு மில்லிசீவர்ட் அளவுதான். ஆனா நுரையீரல்ல ஏதோ சின்னப் புள்ளி தெரிஞ்சுதுன்னு அது பின்னாடி ஆறு மாசம் அலைஞ்சவங்களையும் பாத்திருக்கேன். சும்மாதான எடுத்துப் பாப்போம்னு எடுக்காதீங்க.

சில பேர் ரிப்போர்ட்ல "உங்க வயசுக்கு இத்தனையாவது இடம்"னு போட்டிருக்குன்னு அனுப்பறீங்க. அது பெரும்பாலும் மெசாங்கற அமெரிக்க ஆய்வுலேர்ந்து வர்றது. அதுல 45 வயசுக்குக் கீழ ஆளே இல்ல, நம்ம ஊர்க்காரங்களும் இல்ல. வெள்ளையர், கறுப்பர், சீனர், ஹிஸ்பானியர்னு நாலு வரிசைதான். அங்க குடியேறின தெற்காசியக்காரங்களைத் தனியா பாத்த மசாலா ஆய்வுல, நம்ம ஆம்பளைங்களுக்குக் கால்சியம் கிட்டத்தட்ட வெள்ளைக்காரங்க அளவுக்கு இருந்துச்சு. பேரு நிஜமாவே மசாலாதான், நான் வெக்கல. அதனால வெள்ளையர் வரிசையைப் பாத்துக்கலாம், ஆனா 38-க்கு அதுவும் ஒத்து வராது.

தம்பி, உங்களுக்கு இன்னொரு ரத்தப் பரிசோதனைதான் எழுதித் தருவேன். லைப்போபுரோட்டீன் ஏ, லேப்ல எல்பி ஏன்னு கேளுங்க. பரம்பரையா வர்றது, சாப்பாட்டால பெருசா மாறாது, அதனால வாழ்நாள்ல ஒரு தடவை எடுத்தா போதும். அப்பாவுக்கு 49-ல வந்ததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். 50 மில்லிகிராமுக்கு மேல வந்தா எல்டிஎல்லை இன்னும் கீழ கொண்டு போகணும், அப்ப மாத்திரையோட அளவே மாறும். கூடப் பொறந்தவங்க இருந்தா அவங்களுக்கும் லிப்பிட் புரொஃபைலும் இதுவும் எடுக்கச் சொல்லுங்க, சின்னவங்களா இருந்தாலும் பரவாயில்ல. ரிசல்ட் வந்ததும் கமெண்ட்ல போடுங்க. நம்பர் மட்டும் போதும், முழு ரிப்போர்ட்டையும் அட்ரஸோட போட்டுடாதீங்க.