கொப்பளிப்பான் நாட்களில் இரண்டு கைக்கும் வேலை

வணக்கம். தலவாக்கலையில் இன்று காலையிலிருந்தே மூட்டம். ஜன்னலுக்கு வெளியே நீர்த்தேக்கம் கூடத் தெரியவில்லை. எட்டு வயது மகனுக்கு அம்மாள் வருத்தம், அதாவது கொப்பளிப்பான், வந்து இன்று ஆறாம் நாள். பக்கத்து அறையில் தூங்குகிறான். அதனால் மெதுவாகத்தான் பேசுகிறேன்.

முதல் இரண்டு நாள் காய்ச்சல். அப்போது எந்த விளையாட்டும் வேண்டாம், பிள்ளை படுத்திருக்கட்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியதும்தான் சிக்கல் தொடங்கியது. உடம்பில் தெம்பு வந்துவிட்டது, ஆனால் வெளியே போக முடியாது. கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை மற்றவர்களுக்குத் தொற்றும். எங்கள் லயத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருக்கிறார், அவருக்கு இது வந்தால் ஆபத்து. ஆகவே வாசலுக்குக்கூட நான் விடவில்லை.

தொலைபேசியில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், கண் திரையில் இருக்கிறது, கை வயிற்றைச் சொறிந்துகொண்டிருக்கிறது. இரண்டு கொப்புளம் உடைந்துவிட்டது. எனக்கு மனது தாங்கவில்லை. சரி, படம் வரையட்டும் என்று கொப்பியும் பென்சிலும் கொடுத்தேன். வலது கை வரைந்தது, இடது கை கழுத்துக்குப் போனது. அப்போதுதான் புரிந்தது: இந்த நோயில் பிள்ளைக்கு வேண்டியது இரண்டு கையையும் ஒரே நேரத்தில் பிடித்து வைக்கிற வேலை.

நாங்கள் செய்தது விரல் பின்னல். ஊசி வேண்டாம், பசை வேண்டாம், கட்டிலில் சாய்ந்தபடியே செய்யலாம். கம்பளி நூல் மட்டும் எடுக்காதீர்கள், அதன் மயிர் கொப்புளத்தில் பட்டால் அரிப்பு கூடும். பழைய பருத்தி டீ சேர்ட் போதும். கைக்குக் கீழே குறுக்காக வெட்டி, அடிமடிப்பையும் நீக்கினால் ஒரு குழாய் கிடைக்கும். அதை ஒரு விரல் அகலத்தில், பழத்தோலைச் சுற்றிச் சுற்றிச் சீவுவதுபோல் வெட்டிக்கொண்டே போங்கள். அறுபடாத ஒரே நாடா வரும். இழுத்துவிட்டால் ஓரங்கள் உள்ளே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். வெட்டுகிற வேலை நம்முடையது.

இப்போது என் இடது கையைப் பாருங்கள். உள்ளங்கை என்னைப் பார்த்திருக்கிறது. நாடாவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்கிறேன். ஆள்காட்டி விரலுக்கு முன்னால், நடுவிரலுக்குப் பின்னால், அதைச் சுற்றி முன்னால் வந்து, மறுபடி ஆள்காட்டி விரலுக்குப் பின்னால். எட்டு என்ற எண்ணைப் போல ஒரு சுற்று. அதற்கு மேலே இன்னொரு எட்டு. ஒவ்வொரு விரலிலும் இரண்டு வளையம் இருக்கிறதா? கீழ் வளையத்தைத் தூக்கி, மேல் வளையத்தைத் தாண்டி, விரல் நுனிக்கு அப்பால் பின்பக்கம் விடுங்கள். இரண்டு விரலிலும் அப்படியே. பிறகு முனையை விரல்களுக்கு நடுவே பின்னால் தள்ளிவிட்டு இன்னொரு எட்டு, மறுபடி தூக்கு. அவ்வளவுதான் வேலை முழுவதும்.

மகனின் முதல் முயற்சி பத்து வரிசையில் நின்றுவிட்டது. வளையம் தூக்க வரவில்லை என்று அழுதான். பார்த்தால் விரல் நுனி சிவந்திருந்தது, இறுக்கிச் சுற்றியிருக்கிறான். வளையத்துக்குள் ஒரு பென்சில் நுழையும் அளவு தளர்வு வேண்டும். கயிற்றில் ஏணிபோல் ஓட்டை விழுந்தால் ஒரு தூக்கு தவறியிருக்கிறது, அந்த வரிசையை மட்டும் பிரித்தால் போதும். நடுவில் மருந்து குடிக்க எழுந்தால் இரண்டு வளையத்தையும் பென்சிலில் மாற்றி வைக்கலாம்.

நான்காம் நாள் அவனுடைய ஆள்காட்டி விரலின் ஓரத்திலேயே ஒரு கொப்புளம் வந்தது. உடனே கழற்றிவிட்டு வலது கைக்கு மாற்றினோம். இரண்டு கை விரல்களிலும் கொப்புளம் இருந்தால் இந்த வேலையை விட்டுவிடுங்கள்.

எங்களுக்கு அரிப்பு கூடுகிற நேரம் மாலை. குளிருக்குப் பயந்து பாட்டி ஸ்வெட்டரும் கம்பளியும் போர்த்திவிடுவார், பிள்ளைக்கு வியர்க்கும், வியர்த்தால் இன்னும் அரிக்கும். தளர்வான பருத்திச் சட்டை இரண்டு போட்டால் போதும் என்று அவரிடம் பக்குவமாகச் சொன்னேன். பின்னலை அந்த நேரத்துக்கென்றே ஒதுக்கி வைத்தேன், பகலில் கொடுக்கவில்லை. பகலிலேயே அலுத்துவிட்டால் மாலைக்கு என்ன செய்வது?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நீளமான கயிறு, கழுத்தில் மாட்டி விளையாட விடக்கூடாது. தூங்கும்போது கட்டிலில் இருக்கவும் கூடாது.

நேற்றிரவு கயிறு கதவு உயரத்தைத் தாண்டிவிட்டது. நாடாவை வெட்டி, முனையை இரண்டு வளையத்துக்குள்ளும் நுழைத்து இழுத்து முடித்தான். கொப்புள நீர் பட்டிருக்கும் என்பதால் சவர்க்காரம் போட்டுக் கழுவி அடுப்புக்கு மேலே காயப் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தலுக்குப் பிடியாக வேண்டுமாம். முதுகில் இன்னும் நாலைந்து கொப்புளம் பொருக்குத் தட்டவில்லை. அவை காயட்டும், பிறகு கட்டிக் கொடுக்கிறேன்.