முதல் வரியில் என்ன எழுதுவது?

நேயர்களுக்கு வணக்கம். இணையவழி வகுப்பு தொடங்குகிறவர்கள் இன்ஸ்டகிராமில் படத்தோடு போடும் அறிவிப்பைப் பற்றி இன்று பேசலாம். ரவிக்கை தைக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு வகுப்பையே எடுத்துக்கொள்வோம்.

பெரும்பாலோர் "மகிழ்ச்சியான செய்தி! நீங்கள் எதிர்பார்த்த வகுப்பு இதோ!" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கைத்தொலைபேசியில் முதல் ஓரிரு வரிதான் தெரியும். மீதியைத் தட்டினால்தான் படிக்கலாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அந்த இடம் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதில் மகிழ்ச்சியைத் தவிர வேறொன்றும் இல்லையென்றால் யார் தட்டுவார்கள்?

அந்த இடத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்: "ஆறு சனிக்கிழமைகளில், உங்கள் அளவுக்கு லைனிங் வைத்த ரவிக்கை ஒன்றை நீங்களே வெட்டித் தைத்து முடிப்பீர்கள்." இது நடந்ததா இல்லையா என்று கடைசி நாளில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். "தையலில் கைதேர்ந்தவர் ஆகலாம்", "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்பவற்றை அப்படிப் பார்க்க முடியாது. சம்பாத்தியம் உங்கள் கையிலும் இல்லை.

அடுத்த வரியில் யாருக்கு என்று சொல்லிவிடுங்கள்: "மெஷினில் நேர்த்தையல் போடத் தெரிந்தால் போதும். பிரின்சஸ் கட் இந்த வகுப்பில் இல்லை." இந்த வரி விட்டுப்போனால் உடனே தெரிந்துவிடும். "எனக்கு மெஷினே ஓட்டத் தெரியாதே, சேரலாமா அக்கா?" என்று வாட்ஸ்அப்பில் கேள்வி குவியும். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுவதைவிட அறிவிப்பைத் திருத்துவது சுலபம்.

பிறகுதான் கட்டணம். "முழுக் கட்டணம் 180 வெள்ளி. இம்மாதம் 20ஆம் தேதி இரவு 11.59க்குள் கட்டினால் 135 வெள்ளி." முன்பதிவுச் சலுகைக்கு இவ்வளவு போதும். "சீக்கிரம் வாருங்கள், சலுகை முடியப்போகிறது" என்பதில் தேதியும் இல்லை, தொகையும் இல்லை. பேநவ் வழியாகப் பணம் வந்துசேர்ந்த நேரம்தான் கணக்கு என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால், "20ஆம் தேதியே சேர்கிறேன் என்று சொன்னேனே" என்று 22ஆம் தேதி ஒருவர் வந்து நிற்பார்.

20ஆம் தேதி போதிய ஆள் சேரவில்லை என்றதும் சிலர் தேதியை நீட்டிக்கொண்டே போவார்கள். முதலில் அவசரமாகக் கட்டியவர்களுக்கு அதுவே எரிச்சல். அதோடு, ஒரு சலுகை குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டு, அது அதைவிட வெகுநாள் தொடரும் என்று தெரிந்தே விற்பதை, சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம் நியாயமற்ற செயல்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. யாரிடமும் வாங்கப்போகாத 180ஐ, 135 மலிவாகத் தெரியட்டும் என்பதற்காக எழுதுவதும் அப்படித்தான்.

ஆள் குறைந்தால் 21ஆம் தேதி 180க்கே விற்றுக்கொண்டு, முதல் வகுப்பில் துணி வெட்டும் பகுதியை ஒரு நிமிடக் காணொளியாகப் போடுங்கள். வந்து பார்ப்பவர்கள் விலையை விட்டுவிட்டு அக்குள் வளைவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தால், அவர்கள் சேரக்கூடியவர்கள்.