மணிக்கட்டில் தெரியும் தைராய்டு

நேயர்களுக்கு வணக்கம். தைராய்டு என்றதும் கழுத்து வீக்கம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் இதய மருத்துவன். என்னிடம் அந்த நோய் பெரும்பாலும் நாடித்துடிப்பாகத்தான் வந்து சேர்கிறது.

67 வயது அம்மா ஒருவரை அவருடைய மருமகள் அழைத்து வந்தார். "நாலு மாசமா இளைச்சுக்கிட்டே போறாங்க டாக்டர். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. சுகர் பார்த்தோம், இல்லைன்னுட்டாங்க" என்றார். அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். சீராகப் போகும் துடிப்பில் எப்போதாவது ஒன்று தவறுவது பலருக்கும் உண்டு. இது அப்படி இல்லை. எந்த இரண்டு துடிப்புக்கும் நடுவே ஒரே இடைவெளி கிடையாது. ஒன்று ஓங்கி அடிக்கிறது, அடுத்தது விரலுக்கே எட்டவில்லை. ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். மணிக்கட்டில் 96. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணினால் 130. ரத்தம் நிரம்புவதற்கு முன்பே இதயம் சுருங்கிவிடுவதால், அந்தத் துடிப்புகள் கைவரைக்கும் வந்து சேரவில்லை.

இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை இது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்போம். ஈ.சி.ஜி.யும் அதையே காட்டியது. அப்புறம் கையை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தேன். காகிதத்தின் ஓரம் மெல்ல அதிர்ந்தது. தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் இது இறங்கும், குறைந்தால் ஏறும். ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது, 0.01-க்கும் கீழே இருந்தது. தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது.

வயதானவர்களிடம் இதைத் தவறவிடுவது சுலபம். இளம் வயதினருக்கு வரும் பரபரப்பு, பிதுங்கிய கண் இவையெல்லாம் அவர்களுக்கு இல்லாமலே போகலாம். சோர்வும் எடைக்குறைவும் மட்டும் இருக்கும். வயசாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். ஏனென்றால் நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

அவருக்கு மூன்று வேலைகள் செய்தோம். துடிப்பைத் தணிக்க ப்ரோப்ரனலால், சுரப்பைக் குறைக்க கார்பிமசோல், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின். வார்ஃபரினில் ஒரு நுணுக்கம் உண்டு. ஹார்மோன் மிகுந்திருக்கும்போது அந்த மருந்து கொஞ்சமே போதும். தைராய்டு அடங்க அடங்க, கூடுதலாகத் தேவைப்படும். அதனால் அடிக்கடி ரத்தம் பார்த்துத்தான் அளவை மாற்ற வேண்டும். கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வெள்ளையணுக்களைச் சோதிக்க வேண்டும். அபூர்வமாக அவை அடியோடு குறைந்துவிடும்.

"கரண்ட் கொடுத்துச் சரி பண்ணுவாங்களாமே?" என்று கேட்டார் மருமகள். நிலைமை மோசமாக இருந்தால் செய்வோம். இவருக்கு அவசரமில்லை. ஹார்மோன் மிகுந்திருக்கும்வரை, சரிசெய்தாலும் துடிப்பு மறுபடி கெட்டுப்போகும். தைராய்டு அடங்கிய பிறகு, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நாலைந்து மாதத்துக்குள் துடிப்பு தானாகவே சீராகிவிடுகிறது. இந்த அம்மாவுக்குப் பதினான்காம் வாரம் சீரானது.

சரி, சுரப்பு குறைந்தால்? அப்போது இதயம் மந்தமாகிறது. கொழுப்பு ஏறுகிறது. இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. ஸ்டென்ட் வைத்திருந்த 61 வயதுக்காரர் ஒருவருக்குத் துடிப்பு 50, டி.எஸ்.எச். 48. எக்கோவில் இதயத்தைச் சுற்றி நீர் தெரிந்தது. தைராக்சின் 25 மைக்ரோகிராம் கொடுத்தேன். முழு அளவு இதைப்போல நான்கு மடங்கு இருக்கும். ஆனால் அடைப்பு உள்ள இதயத்தை ஒரேயடியாக விரட்டினால், அதற்குப் போதுமான ரத்தம் கிடைக்காது. அவர் பத்து நாள் பார்த்தார். சோர்வு தீரவில்லை. தாமாகவே நான்கு மாத்திரைகளாக விழுங்கத் தொடங்கினார். இரண்டாவது வாரம் நெஞ்சு வலியோடு வந்தார். நல்லவேளை, மாரடைப்பு இல்லை.

இந்த மாத்திரையின் முழுப் பலன் தெரிய ஆறு வாரம் ஆகும் என்பதை நான் அவருக்கு இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, மறுபடி 25-லிருந்து தொடங்கி, ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அரை மணி நேரம் கழித்துத்தான் காப்பி. எட்டாவது மாதம் எக்கோ எடுத்தபோது துடிப்பு 68. இதயத்தைச் சுற்றியிருந்த நீர், ஊசி போட்டு எடுக்காமலே வற்றிப்போயிருந்தது.